இறந்த முகவரிகளும் ஆய்வேட்டு மேற்கோள்களும்: இணையக் காப்பகப்படிகளின் பயன்பாடு

பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி செல்லும் சாலையில் எலப்புள்ளி அமைந்துள்ளது. அங்கிருந்து கிழக்கே தமிழ்நாட்டெல்லை வரையிலுள்ள ஊர்களில் தமிழும் மலையாளமும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டில், அடுத்தடுத்து வழங்குகின்றன. இந்நிலப்பகுதியின் தமிழை ஆராயும் ஒருவர் தம் ஆய்வேட்டின் முதல் இயலில் இரண்டு செய்திகளைக் கட்டாயம் கூறியாக வேண்டும். இப்பகுதியில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் எத்தனை பேர் என்பது ஒன்று. மொழிச் சிறுபான்மையினர் என்ற முறையில் அவர்களுக்கு அரசு அளித்துள்ள பாதுகாப்பு யாது என்பது மற்றொன்று. முன்னதற்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 என்னும் தாய்மொழி அட்டவணையும், பின்னதற்கு மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் ஆண்டறிக்கைகளும் சான்றாகும். இவ்விரண்டும் ஆய்வாளர்களுக்கு இணையத்தின் வழியாகவே எளிதில் கிடைத்தன. இவ்விரண்டின் பழைய முகவரிகளும் இன்று செயற்படவில்லை.

2018ஆம் ஆண்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மொழித்தரவு வெளியானபோது அதன் நுழைவுப்பக்கம் பின்வரும் முகவரியில் இருந்தது.

http://www.censusindia.gov.in/2011Census/C-16.html

2022ஆம் ஆண்டளவில் கணக்கெடுப்புத் துறையின் தளம் முற்றிலும் மாற்றியமைக்கப்பெற்றது. தரவுகள் அழிக்கப்படவில்லை; அவை புதிய பட்டியல் அமைப்பு ஒன்றினுள் வேறு முகவரிகளில் இடம்பெற்றன. ஆயினும் பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்கு வழி காட்டப்படாமையால், 2018 முதல் 2022 வரை எழுதப்பெற்ற ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகள் பொருளிழந்தன. 2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டமையால் 2011ஆம் ஆண்டுத் தரவே இன்றும் கடைசி மொழித்தரவாக உள்ளது. ஆகவே இம்முகவரிகளின் இறப்பு பழங்கதையன்று. இன்று எழுதப்படும் ஆய்வேடுகளையும் அது தொடுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகளின்படி ஆய்வேடுகள் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்காவில் மின்வடிவில் வைக்கப்படுகின்றன. அங்கு ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் 10603 என்னும் முன்னொட்டுடன் கூடிய நிலைத்த அடையாள எண் வழங்கப்படுகிறது. ஆய்வேடு நிலைத்து நிற்க, அதன் அடிக்குறிப்புகள் மட்டும் ஒவ்வொன்றாக உதிர்வது விந்தையான நிலையாகும்.

1. அழிவும் பெயர்வும்

இணைய மேற்கோளுக்கு நேரும் கேடு இருவகைப்படும். முகவரி திறவாமற் போவது முதல் வகை. இதனை இணைப்பழிவு எனலாம். முகவரி திறக்கிறது, ஆனால் அங்குள்ள செய்தி மாறிவிட்டது என்பது இரண்டாம் வகை. இதனை உள்ளடக்கப் பெயர்வு எனலாம். முன்னதைப் படிப்போர் உடனே அறிந்துகொள்வர். பின்னதை அறிய வழியில்லை. ஆய்வாளர் தவறாகப் படித்தாரா, பக்கம் பின்னர் மாறியதா என்பதை முடிவு செய்யப் படிப்போரிடம் யாதொரு சான்றும் இராது. மொழியியலாருக்கு இவ்விரண்டாம் வகையே அதிக இடர் தருவது.

சி-16 அட்டவணையே இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2011ஆம் ஆண்டில் இந்தியாவில் தமிழ் பேசுவோர் 6,90,26,881 பேர் என்பது பலரும் மேற்கோள் காட்டும் எண். அட்டவணையில் இது ‘தமிழ்’ என்னும் மொழித்தலைப்புக்குரிய கூட்டுத்தொகை. அத்தலைப்பின் கீழ்த் தமிழ், இருளா, கைக்காடி, கொரவா, எருகலா முதலிய தாய்மொழிகள் தனித்தனியே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் ‘தமிழ்’ என்றே தாய்மொழியைக் குறித்தவர்களின் தொகை ஏறத்தாழ 6.89 கோடி, கூட்டுத்தொகையினும் அது ஒரு லட்சத்துக்கு மேல் குறைவு. நாடளாவிய அளவில் இது சிறு வேறுபாடு. அட்டப்பாடியில் இருளர் வாழும் பாலக்காட்டு மாவட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது சிறு வேறுபாடு ஆகாது. ஆய்வாளர் எடுத்தாண்ட எண் தலைப்பின் தொகையா, தாய்மொழியின் தொகையா என்பதை அட்டவணையைத் திறந்து பார்த்தாலன்றி அறிய இயலாது. அட்டவணை திறவாதபோது அவ்வெண் வெறும் எண்ணாகவே நின்றுவிடுகிறது.

கணக்கெடுப்புத் துறை அப்போது வெளியிட்ட கோப்பு ஒன்றின் பெயர் C-16_25062018_NEW.pdf என்பதாகும். பெயரிலேயே ஒரு நாளும் ‘புதியது’ என்னும் சொல்லும் உள்ளன. இதற்கு முன்னர் ஒரு வடிவம் இருந்து அது மாற்றப்பட்டிருக்கலாம் என்னும் ஐயத்தை அப்பெயர் எழுப்புகிறது. இத்தகைய கோப்பைச் சுட்டுவோர் முகவரியை மட்டும் தந்தால் போதாது; எந்த நாளில் எந்த வடிவத்தைக் கண்டனர் என்பதையும் நிலைநாட்ட வேண்டும். காப்பகப்படி செய்யும் பணி இதுவே.

2. காப்பக முகவரியின் அமைப்பு

இப்பணிக்கு மிகுதியும் பயன்படுவது அமெரிக்காவின் சான்பிரான்சிசுகோ நகரில் 1996ஆம் ஆண்டு புரூஸ்டர் கேல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனத்தின் வேபேக் மெஷின் ஆகும். இது 2001ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இதன் முகவரி ஒரு சொற்றொடர் போலப் பகுத்து நோக்கத்தக்கது. மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் ஐம்பதாம் அறிக்கையின் காப்பகப்படியைக் காண்க.

https://web.archive.org/web/20160708012438/http://nclm.nic.in/shared/linkimages/NCLM50thReport.pdf

இதில் முற்பகுதி காப்பகத்தைக் குறிக்கிறது. பிற்பகுதி மூல முகவரியை முழுமையாகத் தருகிறது. இடையில் உள்ள பதினான்கு இலக்கங்கள் படியெடுத்த நேரத்தைக் காட்டுகின்றன. ஆண்டுக்கு நான்கு இலக்கம், பின் திங்கள், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றுக்கு இவ்விரண்டு இலக்கம் என அவை அமைகின்றன. மேலே உள்ளது 2016 ஜூலை 8ஆம் நாள் 1 மணி 24 நிமிடம் 38 நொடி எனப் பொருள்படும். இந்நேரம் கிரீன்விச்சை அடியொற்றிய உலகப் பொதுநேரமே அன்றி இந்திய நேரம் அன்று. இந்தியக் கணக்கில் அது காலை 6.54 ஆகும். உலக நேரம் மாலை 6.30க்குப் பிற்பட்ட படிகள் இந்தியாவில் மறுநாளுக்கு உரியவை. பார்த்த நாளையும் படியெடுத்த நாளையும் ஒப்பிடும்போது சிலருக்கு ஒரு நாள் இடிப்பது இதனாலேயே.

மூல முகவரி காப்பக முகவரியினுள்ளேயே அடங்கியிருப்பது பெரும் நன்மை. ஏதோ ஒரு காரணத்தால் இக்காப்பகம் திறவாவிடினும் மூல முகவரியைப் பிரித்தெடுத்து வேறொரு காப்பகத்தில் தேடலாம். முகவரியைச் சுருக்கித் தரும் சேவைகளைப் பயன்படுத்துவோர் இந்நன்மையை இழக்கின்றனர். அச்சில் நீண்ட முகவரி அழகற்றுத் தோன்றுவதுண்டு. ஆய்வேட்டில் அழகினும் மீட்கத்தக்க தன்மையே முதன்மை பெற வேண்டும்.

நேரத்தைக் குறிக்கும் இலக்கங்கள் ஒரு வகையில் நெகிழ்ச்சியுடையன. குறித்த நொடியில் படி இல்லையெனில் காப்பகம் அதற்கு மிக அண்மையிலுள்ள படிக்குத் தானாகவே அழைத்துச் செல்லும். ஆண்டை மட்டும் இட்டு, web/2019/ என்று எழுதினாலும் ஏதேனும் ஒரு படி திறக்கும். இவ்வசதியை நம்பிச் சிலர் அக்குறை வடிவத்தையே அடிக்குறிப்பில் எழுதிவிடுகின்றனர். இது பிழை. இன்று மிக அண்மையிலுள்ள படி நாளை வேறொரு படி சேர்க்கப்பட்டதும் அண்மையிழக்கும். அப்போது முன்னர்க் கூறிய உள்ளடக்கப் பெயர்வு காப்பகத்தின் வாயிலாகவே மீண்டும் நுழைகிறது. பக்கம் முழுவதும் திறந்த பின்னர் முகவரிப் பட்டையில் காணும் பதினான்கு இலக்கங்களையே எழுதுதல் வேண்டும்.

3. இறந்த முகவரியை மீட்டல்: சி-16

முன்னர்க் கூறிய சி-16 நுழைவுப்பக்கத்தை மீட்கும் முறையை இனி நோக்கலாம். மூல முகவரிக்கு முன்னர்க் காப்பக முகவரியையும் ஓர் உடுக்குறியையும் இட்டால், படியெடுக்கப்பட்ட நாட்கள் அனைத்தும் நாட்காட்டி வடிவில் தோன்றும்.

https://web.archive.org/web/*/http://www.censusindia.gov.in/2011Census/C-16.html

நாட்காட்டியில் படிகள் நிற வட்டங்களால் குறிக்கப்படுகின்றன. நீலம் பக்கம் முறையாகக் கிடைத்ததைக் காட்டும். பச்சை, அம்முகவரி வேறொன்றுக்குத் திருப்பிவிடப்பட்டதைக் காட்டும். ஆரஞ்சு நிறம் பக்கம் காணப்படவில்லை என்பதையும், சிவப்பு வழங்கியின் கோளாற்றையும் காட்டும். ஆகவே நாட்காட்டியில் வட்டம் உள்ளது என்பதாலேயே பக்கம் காக்கப்பட்டுள்ளது எனக் கொள்ளலாகாது. இறந்த முகவரியைக் காப்பகம் மீண்டும் மீண்டும் சென்று பார்த்து, அதன் இறப்பையே பலமுறை பதிவு செய்திருக்கலாம்.

நீல வட்டத்திலும் ஒரு பொறி உண்டு. தளம் மாற்றியமைக்கப்பட்ட பின்னர்ப் பழைய முகவரியைக் கேட்பவருக்குச் சில வழங்கிகள் ‘பக்கம் இல்லை’ என்னும் செய்தியையே முறையான பக்கம் போல அனுப்புகின்றன. சில, முகப்புப் பக்கத்தை அனுப்புகின்றன. காப்பகம் இதனை வெற்றியாகவே பதிவு செய்யும். இதனால் மிக அண்மைய படியே சிறந்த படி என்னும் எண்ணம் இங்கு ஆய்வாளரைத் தவறான வழியில் செலுத்தும். தாம் பக்கத்தைப் பார்த்த நாளுக்கு நெருங்கிய படியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஆய்வேட்டில் ‘பார்த்த நாள் 2019 மார்ச்சு 12’ என்று இருக்குமாயின், 2019ஆம் ஆண்டின் தொடக்கத் திங்கள்களில் உள்ள படிகளைத் திறந்து ஒப்பிட வேண்டும். 2023ஆம் ஆண்டுப் படியை நாடுதல் கூடாது. பார்த்த நாளை எழுதும் பழக்கத்தை வெற்றுச் சடங்காகக் கருதுவோர் உளர். மீட்பு வேலையில் இறங்கியவர்க்கே அதன் அருமை புலப்படும்.

சி-16 நுழைவுப்பக்கம் திறந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. அப்பக்கம் ஒரு பட்டியல் மட்டுமே. எண்கள் உள்ளவை அதிலிருந்து இணைக்கப்பெற்ற விரிதாள் கோப்புகள். கேரளத்தின் மாநிலக் குறியெண் 32 ஆதலின் அதற்குரிய கோப்பு DDW-C16-STMT-MDDS-3200.XLSX என்னும் பெயருடையது. நுழைவுப்பக்கத்தைப் படியெடுத்த காப்பகம் இக்கோப்பையும் எடுத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒவ்வொரு முகவரியும் தனித்தனியே படியெடுக்கப்படுவது. காப்பகப்படியின் உள்ளே கோப்பின் இணைப்பைச் சொடுக்கும்போது முகவரிப் பட்டையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பதினான்கு இலக்கங்கள் மாறியிருந்தால் நுழைவுப்பக்கத்தின் படி ஒரு நாளுக்கும் கோப்பின் படி மற்றொரு நாளுக்கும் உரியன என்பது பொருள். அந்நிலையில் மேற்கோளுக்கு உரியது கோப்பின் முகவரியே. பக்கத்திலுள்ள இணைப்பு பயன்படாவிடில், கோப்புகள் இருந்த அடைவின் முகவரியை இறுதியில் உடுக்குறியுடன் இட்டுத் தேடலாம்.

https://web.archive.org/web/*/http://www.censusindia.gov.in/2011census/C-16/*

அவ்வடைவின் கீழ்ப் படியெடுக்கப்பட்ட முகவரிகள் யாவும் வரிசையாகத் தோன்றும். அங்குள்ள வடிகட்டிப் பெட்டியில் 3200 என இட்டால் கேரளக் கோப்பு தனித்துத் தெரியும்.

இதற்கு அடுத்த படிநிலையைப் பலர் விட்டுவிடுகின்றனர். கோப்பு திறந்தது என்பதோடு நில்லாமல், ஆய்வேட்டில் எழுதிய எண் அதில் உள்ளதா என்பதைப் பார்த்தாக வேண்டும். பாலக்காட்டு மாவட்ட வரிசையில் ‘தமிழ்’ இருமுறை வருகிறது. மொழித்தலைப்பாக ஒருமுறை, தாய்மொழியாக ஒருமுறை. ஆய்வேட்டின் எண் எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து, அதனை அடிக்குறிப்பில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். எலப்புள்ளி போன்ற ஓர் ஊராட்சிக்குத் தாய்மொழித் தொகை இவ்வட்டவணையில் இல்லை என்பதும் அப்போதே தெளிவாகும். ஊர்ப்பெயருக்கு எதிரே தாய்மொழித் தொகை ஒன்றை எழுதிச் சி-16ஐச் சான்றாகக் காட்டும் ஆய்வேட்டில் பிழை இணைப்பில் இல்லை, எண்ணில் உள்ளது. மீட்பு முயற்சி இவ்வாறு எதிர்பாராத ஒரு தணிக்கையாகவும் அமைந்துவிடுகிறது.

புதிய தளத்திலேயே அட்டவணை கிடைக்கும்போது காப்பகப்படி எதற்கு என்னும் வினா எழலாம். இரண்டையும் தருவதே முறை. புதிய முகவரி படிப்போரின் வசதிக்கு. காப்பகப்படி, ஆய்வாளர் கண்ட வடிவத்துக்குச் சான்று. இரண்டிலும் எண் ஒன்றாயிருப்பின் ஐயம் தீர்ந்தது. வேறுபடின் அவ்வேறுபாடே குறிப்பிடத்தக்க செய்தியாகும்.

4. பழந்தமிழ் எழுத்துருப் பக்கங்கள்

தமிழ்ப் பக்கங்களைச் சுட்டுவோருக்கு ஆங்கிலப் பக்கங்களைச் சுட்டுவோர் அறியாத ஓர் இடர் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர், ஏறத்தாழ 1995 முதல் 2005 வரையிலான காலத்தில், தமிழ் இணையப்பக்கங்கள் எட்டு நுண்மிக் குறியேற்றங்களில் அமைந்தன. அவற்றுள் டிஸ்கி பெருவழக்குப் பெற்றது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. இவையன்றி ஒவ்வொரு நாளிதழும் தனக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தது. 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் தொடக்ககால மின்பதிப்புகளும் இக்காலத்துக்குரியவை.

இப்பக்கங்களின் காப்பகப்படியைத் திறந்தால் தமிழ் தோன்றாது. ‘தமிழ்’ என்னும் சொல் ¾Á¢ú என்று காட்சி தரும். பக்கம் சிதைந்துவிட்டது என எண்ணி ஆய்வாளர் கைவிடுவது இயல்பு. உண்மையில் காப்பகம் எண்மதிப்புகளை ஒன்றும் மாற்றாமல் காத்துள்ளது. அவற்றுக்குத் தமிழ் உருவம் தந்த எழுத்துருதான் இல்லை. மேற்கண்ட நான்கு குறிகளும் டிஸ்கியில் முறையே த, ம, இகரக் குறி, ழகர ஒற்று ஆகியவற்றுக்கு உரியவை. இந்நான்கு குறிகளின் தொடரை ஒரு பக்கத்தில் கண்டால் அது டிஸ்கி என ஏறத்தாழ உறுதியாகவே கொள்ளலாம்.

இதனை ஒருங்குறிக்கு மாற்ற, முதலில் காப்பகத்தின் தலைப்பட்டை சேராத மூல வடிவைப் பெற வேண்டும். பதினான்கு இலக்கங்களை அடுத்து id_ என்று சேர்த்தால் மூலக்கோப்பு எவ்வித மாற்றமுமின்றிக் கிடைக்கும். அதனை pazhaiyathu.html என்னும் பெயரில் சேமித்த பின்னர், லினக்ஸ் கணினிகளில் உள்ள ஐகான்வ் என்னும் கருவி டிஸ்கியை நேரடியாகவே மாற்றித்தரும்.

```
iconv -f TSCII -t UTF-8 pazhaiyathu.html > puthiyathu.html
```

டிஸ்கியில் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மெய்க்கு முன்னர் இடம்பெறும். ஒருங்குறியில் அவை மெய்க்குப் பின்னரே வரும். மாற்றும் கருவி இவ்வரிசையைத் திருப்பியமைக்கிறது. எனவே மாற்றிய பின்னர் ‘கெ’, ‘கொ’, ‘கை’ போன்ற எழுத்துகள் வரும் சொற்கள் சிலவற்றைச் சரிபார்த்தல் நலம். பிழை நேரின் முதலில் அங்கேதான் தெரியும். டாம், டாப் குறியேற்றங்களையும் நாளிதழ்களின் தனி எழுத்துருக்களையும் ஐகான்வ் அறியாது. அவற்றுக்கென அமைந்த மாற்றிகளையே நாட வேண்டும்.

ஆய்வேட்டில் மேற்கோள் காட்டும்போது மாற்றிய வடிவைத் தந்து, அது டிஸ்கியிலிருந்து மாற்றப்பட்டது என அடிக்குறிப்பில் எழுதுதல் வேண்டும். சுவடியிலிருந்து பெயர்த்தெழுதியோர் அதனைக் குறிப்பிடுவது போன்றதே இதுவும்.

5. காப்பகம் எட்டாத இடங்கள்

தேடற்பெட்டியில் சொல்லை இட்டு விடை பெறும் தரவுத்தளங்கள் காப்பகத்துக்கு எட்டுவதில்லை, அல்லது அரைகுறையாகவே எட்டுகின்றன. மொழிபெயர்ப்பாளர்கள் நாள்தோறும் நாடும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் சிகாகோ மின்வடிவு இதற்கு நல்ல சான்று. அதன் தேடல் முடிவுகளின் முகவரிகளில் dsalsrv02, dsalsrv04 எனக் காலத்துக்கேற்ப வெவ்வேறு வழங்கிப் பெயர்கள் காணப்படும். முந்தைய வழங்கியைச் சுட்டிய மேற்கோள்கள் வழங்கி மாறியதும் பயனற்றுப் போயின. ஒவ்வொரு சொல்லின் தேடல் முடிவையும் எவரேனும் காப்பகப்படுத்தியிருப்பர் என எதிர்பார்க்க இயலாது.

இங்குத் தீர்வு காப்பகம் அன்று, அச்சுநூல். பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பின்னர்ப் பின்னிணைப்பும் வந்தது. மின்வடிவு ஒவ்வொரு பதிவுக்கும் அச்சுப்பக்க எண்ணைக் காட்டுகிறது. அப்பக்க எண்ணைச் சுட்டினால் போதும். எந்த வழங்கி மாறினும் மேற்கோள் மாறாது. அச்சு மூலம் உள்ள ஒன்றுக்கு இணைய முகவரியை மட்டும் தருவது, கையில் விளக்கிருக்க இருட்டில் தடவுவது போன்றது. தமிழ் விக்கிப்பீடியா போன்ற தளங்களில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் oldid என்னும் எண்ணுடன் நிலைத்த முகவரி உண்டு. அதனைச் சுட்டினால் பார்த்த வடிவமே என்றும் திறக்கும். அம்முகவரிகளில் தமிழ்ச்சொல் வருமிடத்து, ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறியிட்ட ஒன்பது உருக்களாக விரியும். ‘தமிழ்’ என்னும் ஒரு சொல் நாற்பத்தைந்து உருக்களாகும். அச்சுக்கோப்பில் இது வரி உடையும்போது இடைக்கோடு நுழைந்து முகவரியைக் கெடுப்பதுண்டு. மெய்ப்புத் திருத்துவோர் இவ்விடத்தைத் தனியே நோக்க வேண்டும்.

கடவுச்சொல்லுக்குப் பின்னுள்ள பக்கங்களும், தள உரிமையாளர் வேண்டுகோளின்பேரில் விலக்கப்பட்டவையும் காப்பகத்தில் கிடைப்பதில்லை. காப்பகமும் அழியாத் தன்மையது அன்று. ஆய்விதழ்களின் மேற்கோள்களுக்கென்றே நடத்தப்பெற்ற வெப்சைட் என்னும் சேவை 2019ஆம் ஆண்டு புதிய படிகளை ஏற்பதை நிறுத்தியது. பின்னர் அதன் பழைய படிகளும் எட்டாமற் போயின. மூல முகவரியைத் தராமல் அதன் சுருக்க முகவரியை மட்டும் தந்திருந்த கட்டுரைகளில் மேற்கோள் இருமுறை இறந்தது எனலாம். 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் தாக்குதலுக்குள்ளாகிச் சில நாட்கள் முடங்கிக் கிடந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் இவ்வாறு நேர்ந்தால் என்னாகும் என எண்ணிப் பார்க்கலாம்.

6. எழுதும்போதே செய்யத்தக்கது

மேற்கூறியவை யாவும் இறந்த பின்னர்ச் செய்யும் மீட்பு. பக்கத்தைப் படிக்கும் அன்றே படியெடுத்தல் இதனினும் எளிது. https://web.archive.org/save என்னும் பக்கத்தில் முகவரியை இட்டால் காப்பகம் உடனே படியெடுத்து, பதினான்கு இலக்க முகவரியைத் தரும். அப்படியை அப்போதே திறந்து, மேற்கோளுக்குரிய தொடரோ எண்ணோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும். பக்கம் கட்டங்கட்டமாக ஏற்றப்படும் வகையினதாயின் படியில் தலைப்பு மட்டும் இருந்து உடல் இல்லாமற் போகக்கூடும். இணைப்புக் கோப்புகளுக்குத் தனித்தனியே இவ்வாறு செய்தல் வேண்டும். கூடவே கோப்பைத் தம் கணினியிலும் சேமித்து, பெயருடன் நாளையும் சேர்த்து வைத்தல் நலம்.

அடிக்குறிப்பின் அமைப்பு பின்வருமாறு இருக்கலாம்.

மொழிச் சிறுபான்மையினர் ஆணையர், ஐம்பதாம் அறிக்கை (2012 ஜூலை – 2013 ஜூன்). மூல முகவரி: http://nclm.nic.in/shared/linkimages/NCLM50thReport.pdf (இன்று திறவாது). காப்பகப்படி, 2016 ஜூலை 8: https://web.archive.org/web/20160708012438/http://nclm.nic.in/shared/linkimages/NCLM50thReport.pdf

இதில் ஆசிரியர், தலைப்பு, அறிக்கை எண், காலம் ஆகியவை முதலில் நிற்பது தற்செயலன்று. இரு முகவரிகளும் ஒருநாள் திறவாமற் போயினும், இவ்விவரங்களைக் கொண்டு நூலகத்தில் அவ்வறிக்கையைக் கேட்டுப் பெறலாம். ‘காண்க’ என்னும் சொல்லுக்குப் பின் முகவரியை மட்டும் எழுதும் வழக்கத்தில் இவ்வாய்ப்பு இல்லை. அறிக்கையின் பக்க எண்ணையும் ஈற்றில் சேர்த்தல் வேண்டும். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட கோப்பில் கேரளத் தமிழர் பற்றிய ஒரு பத்தியைத் தேடுவோர்க்கு அது இன்றியமையாதது.

ஏற்கெனவே ஒப்படைக்கப்பெற்ற ஆய்வேட்டில் மாற்றம் செய்ய இயலாது. ஆயின் அதனடிப்படையில் எழுதும் கட்டுரையிலும் நூல்வடிவிலும் திருத்திய அடிக்குறிப்புகளைத் தரலாம். அவ்வாறு தரும்போது பார்த்த நாளை மாற்றி எழுதலாகாது. 2019இல் பார்த்ததை 2019இல் பார்த்ததாகவே வைத்து, காப்பகப்படியின் நாளைத் தனியே சேர்க்க வேண்டும். இரண்டு நாட்களுக்கும் இடைவெளி மிகுதியாயிருந்து, அவ்விடைவெளியில் பக்கம் மாறியிருக்கக்கூடும் எனக் கருத இடமிருப்பின் அதனையும் ஒரு தொடரில் குறிப்பிடலாம். தேர்வாளர் கேட்கும் முன்னர் ஆய்வாளரே கூறிவிடுவது நன்று.